செவுளைத் தூக்கிப் பாருங்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஏலம் முடிந்து கூடைகள் சில்லறை வியாபாரிகளிடம் வந்து சேர்ந்திருந்தன. அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கானாங்கெளுத்தியைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். தெற்கே அயிலை என்கிற அதே மீன்தான். இரண்டு கூறிலும் ஆறாறு மீன்கள், இரண்டுக்கும் ஒரே விலை. இடப்பக்கக் கூறில் மீன்களின் கண்கள் மங்கி, மேலே பாலாடை படர்ந்ததுபோல இருந்தன. வலப்பக்கக் கூறில் கண்கள் கறுப்பாகத் தெளிவாகத் தெரிந்தன. சின்ன வயதிலிருந்து 'கண்ணைப் பார்த்து வாங்கு' என்று கேட்டு வளர்ந்தவன் நான். வலப்பக்கம் குனிந்தேன்.

"அவசரப்படாத தம்பி" என்றார், நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா. அன்று அவரிடம் சங்கரா மட்டும்தான் இருந்தது. எனக்குக் கானாங்கெளுத்திதான் வேண்டும் என்றதும், தன் கூடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு நடந்து வந்திருந்தார். "கண்ண மட்டும் பாத்து வாங்குனா ஏமாந்துடுவ. செவுளத் தூக்கிப் பாரு, மோந்து பாரு, அப்புறம் அமுக்கிப் பாரு. எல்லாம் ஒண்ணையே சொல்லுதான்னு பாத்துட்டுக் காசக் குடு."

வலப்பக்க மீன் ஒன்றின் செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கினேன். உள்ளே காபித்தூள் நிறம். இடப்பக்க மீனின் செவுளைத் தூக்கினேன். மாதுளம் முத்துப் போல அடர்ந்த சிவப்பு. கண் ஒன்று சொல்கிறது, செவுள் நேர்மாறாகச் சொல்கிறது. அன்று நான் இடப்பக்கக் கூறைத்தான் வாங்கினேன், குழம்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் கண் ஏன் பொய் சொன்னது, செவுளை ஏன் நம்ப வேண்டும் என்பது புரிய, ஒரு மீன் செத்த பிறகு அதன் உடம்பில் என்னென்ன, எந்த வரிசையில் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கண்ணிலிருந்தே தொடங்கலாம். உயிருள்ள மீனின் கண் உள்ளே நீர் நிறைந்து வெளியே புடைத்திருக்கும். செத்த பிறகு அந்த நீர் மெல்ல வற்றும். புடைத்த கண் முதலில் தட்டையாகும், பிறகு குழி விழும். இது ஒரு மாற்றம். இன்னொன்று நிறத்தில் நடப்பது: கண்ணின் மேல்சவ்வு கண்ணாடி போன்ற தெளிவை இழந்து வெளுக்கும், உள்ளிருக்கும் பாவையும் கறுப்பு மாறிச் சாம்பலாகும். நாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதை மட்டுமே பார்க்கிறோம். ஆனால் ஐஸும் ஐஸ் உருகிய தண்ணீரும் கண்ணில் நேராகப் பட்டுக்கொண்டே இருந்தால், நல்ல மீனின் கண்கூட வெளுத்துவிடும். அதாவது ஒழுங்காக ஐஸ் போட்டு வைத்த மீன், அதே காரணத்தால் பார்வைக்குப் பழைய மீன் போலத் தோன்றலாம். அன்று இடப்பக்கக் கூறுக்கு நடந்தது இதுதான்.

அதனால் கண்ணைப் பார்க்கும்போது மேலிருந்து பார்க்காமல், மீனைக் கையில் எடுத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். கண் தலையின் மேற்பரப்பைவிட வெளியே தள்ளி நிற்கிறதா, சமமாக இருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா? பளபளப்பைவிட இந்த வடிவத்துக்கே மதிப்புக் கொடுங்கள். இடப்பக்க மீனின் கண் மங்கியிருந்தாலும் புடைத்திருந்தது. வலப்பக்க மீனின் கண் கறுப்பாக இருந்தாலும் தட்டையாகிவிட்டிருந்தது. எனக்கு அது அன்று உறைக்கவில்லை. வடிவத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீன்களின் காற்றுப்பை, நீரின் அழுத்தம் குறைந்ததும் ஊதிப் பெருத்துவிடும். அந்தத் தள்ளலில் கண் பிதுங்கி நிற்கும், சில மீன்களுக்கு வயிறே வாய்வழி வெளியே வந்திருக்கும். அந்தப் பிதுக்கம் ஆழத்தைக் காட்டுமே தவிர, மீன் பிடிபட்டு எத்தனை நாள் ஆனது என்பதைச் சொல்லாது.

இனிச் செவுள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

செவுள் மீனுக்கு நுரையீரல். நீரில் கரைந்த பிராணவாயுவை இழுப்பதற்காக, சீப்பின் பற்கள் போன்ற மெல்லிய இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் இழையிலும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்துக்கும் கடல்நீருக்கும் நடுவே மயிரிழையைவிட மெல்லிய ஒரு தோல்தான் தடுப்பு. உயிரோடு இருக்கும்போது மீனுக்குப் பெரும் வசதியாக இருக்கும் இந்த அமைப்பே, செத்த பிறகு அதன் பலவீனமான வாசலாக மாறுகிறது. உயிருள்ள மீனின் தசையில் கிருமி இருக்காது. கிருமிகள் இருக்கும் இடங்கள் மூன்று: தோலின் மேலுள்ள வழவழப்பு, குடல், செவுள். இவற்றில் செவுளில்தான் ரத்தமும் ஈரமும் மெல்லிய தோலும் ஒருசேர அமைந்திருக்கின்றன. கெடுதல் முதலில் தலைகாட்டுவது அங்கே என்பதால், தசையில் இன்னும் எதுவும் தெரியாத நிலையிலேயே செவுள் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாவதைப் பார்த்திருப்போம். அதுபோல ஹீமோகுளோபினில் உள்ள இரும்பும் பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல மாறி, சிவப்பை இழந்து பழுப்பாகிறது. அடர்சிவப்பு, வெளிர்சிவப்பு, பழுப்பு கலந்த சிவப்பு, முழுப் பழுப்பு, கடைசியில் சாம்பல் அல்லது பச்சை கலந்த வெளுப்பு என்று படிப்படியாக இறங்கும். வெளிர்சிவப்பு வரை கவலையில்லை. பழுப்பு தொடங்கினால் வேறு அடையாளங்களைக் கட்டாயம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறம் வந்துவிட்டால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

நிறத்தோடு இழைகளையும் கவனியுங்கள். நல்ல மீனில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும், மேலே இருக்கும் வழவழப்பு கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். நாளாக ஆக அந்த வழவழப்பு கஞ்சித்தண்ணீர் போல வெளுத்துக் கெட்டியாகும், இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கெட்டியான வெள்ளைச் சளிபோல அங்கே இருப்பதில் பெரும்பங்கு கிருமிக்கூட்டம்தான். வேறு மீனின் ரத்தத் தண்ணீரைச் செவுளில் தெளித்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால், கொஞ்சம் நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மேலே பூசிய சிவப்பு வழிந்து ஓடி, அடியில் இருக்கும் பழுப்பு வெளிப்படும். உள்ளேயே இருக்கும் சிவப்பு ஒரு கை தண்ணீரில் போய்விடாது.

செவுளைப் பார்க்கும்போதே மூக்கையும் அங்கே கொண்டுபோங்கள். சந்தை முழுக்கக் கவிச்சி நிறைந்திருக்கும்போது மீனின் முதுகை மோந்து பார்ப்பதில் பயனில்லை. செவுள் மூடிக்குள் அடைபட்டிருக்கும் வாடை அந்த மீனுக்கே உரியது. அப்போது பிடித்த கடல் மீனில் நாம் கவிச்சி என்று சொல்லும் வாடை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. கடற்பாசி போல, சில மீன்களில் நறுக்கிய வெள்ளரிக்காய் போல ஒரு வாடை வரும். பிறகு சில நாள்களுக்கு எந்த வாடையும் இல்லாத ஒரு நிலை. அதன் பிறகுதான் கவிச்சி தொடங்கும், அடுத்துப் புளித்த வாடை, கடைசியில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா.

'மீன் என்றால் கவிச்சி இருக்கத்தானே செய்யும்' என்று நம்மில் பலர் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது தவறு. அந்த வாடையின் பெயர் டிரைமெத்திலமைன். கடல் மீன்கள் தங்களைச் சுற்றியுள்ள உப்பு நீருக்கு ஈடுகொடுக்க உடம்பில் ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அந்தப் பொருளுக்கு வாடையே கிடையாது. மீன் செத்த பிறகு கிருமிகள் பெருகி, அந்தப் பொருளை உடைக்கும்போதுதான் டிரைமெத்திலமைன் உண்டாகிறது. ஆகவே கவிச்சி மீனின் இயல்பான மணமில்லை. கிருமிகள் எவ்வளவு தூரம் வேலை செய்துவிட்டன என்பதன் கணக்கு அது. ஆற்று மீன், ஏரி மீன்களில் அந்தப் பொருள் மிகக் குறைவு. அதனால் கட்லாவும் ரோகுவும் கெடும்போது கடல் மீனைப்போலக் கவிச்சி அடிப்பதில்லை. அவற்றில் வரும் மண்வாடை வேறு விஷயம். குளத்துப் பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் சதையில் சேர்வதால் வருவது அது. உயிரோடு துள்ளும் மீனிலும் அது இருக்கலாம். சுறாவிலும் திருக்கையிலும் கதை மறுபடி மாறுகிறது. அவற்றின் உடம்பில் யூரியா நிறைய உண்டு, அது உடைந்தால் நேராக அம்மோனியா. அதனால் சுறா மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் வாடையடிக்கும்.

இதில் சமையல் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. புளியும் எலுமிச்சையும் மாங்காயும் அமிலம். இரண்டும் சேர்ந்தால் அந்தப் பொருள் காற்றில் எழும்பாமல் குழம்பிலேயே தங்கிவிடும், மூக்குக்குத் தெரியாது. மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதன் பயன் இதுதான். ஆனால் அலசியபின் வாடை போய்விட்டது என்பதற்காக மீன் புதிதாகிவிடாது. முகர்ந்து பார்ப்பதைச் சந்தையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து விரலால் அமுக்குவது. முதுகுத் துடுப்புக்குக் கீழே, சதை தடித்த இடத்தில் ஆள்காட்டி விரலால் அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் நல்லது, மெல்ல நிரம்பினால் நாளாகிவிட்டது, விரல் தடம் அப்படியே நின்றால் வேண்டாம். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கெட்டித்தன்மை இரண்டு வகை. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

செத்த சில மணி நேரத்தில் மீன் விறைக்கும். தசைகள் இயங்கவும் தளரவும் தேவையான சக்தி தீர்ந்துபோய், இழைகள் ஒன்றையொன்று பற்றியபடியே பூட்டிக்கொள்வதுதான் விறைப்பு. அந்த நிலையில் மீனைத் தலைப்பக்கம் பிடித்துப் படுக்கைவாக்கில் நீட்டினால் வால் தொங்காமல் கம்பு போல நிற்கும். இயல்பாக இப்படி விறைத்து நிற்கும் மீன் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஐஸில் இருந்தால் இந்த விறைப்பு ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும், பிறகு தானாகவே விட்டுவிடும். விட்ட பிறகு வால் தொங்கும். ஆனால் அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. விறைப்பு நீங்கியும் அமுக்கினால் துள்ளி எழும் சதை இருக்கும், அந்த மீன் இன்னும் நல்ல மீன்தான். அதற்கப்புறம் மீனின் சொந்தச் சாறுகளே சதையைக் கரைக்கத் தொடங்கும்போது வருவதுதான் உண்மையான தொய்வு. ஆக, வால் தொங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், விரல் தடத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

கெட்டியாக இருப்பது எல்லாம் விறைப்பும் இல்லை. உறைபெட்டியில் கிடந்து பாதி உருகிய மீனும் கெட்டியாகத்தான் இருக்கும். அதன் நடுவில் கையை வைத்தால் கல் போன்ற குளிர் தெரியும், முழுதாக உருகிய பிறகு தட்டில் நிறையத் தண்ணீர் விடும், செவுள் வெளுத்துப்போய் இருக்கும். அதைத் தின்னக்கூடாது என்றில்லை. அன்றைக்குப் பிடித்த மீனின் விலைக்கு வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

முதுகை அமுக்கியதும் வயிற்றையும் அமுக்குங்கள். கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் இது ரொம்ப முக்கியம். இவை வயிறு நிறைய இரை தின்றிருக்கும்போது பிடிபட்டால், செரிப்பதற்காகச் சுரந்த சாறு இரையை முடித்துவிட்டுச் சொந்த வயிற்றுச் சுவரையே அரிக்கத் தொடங்கும். முதுகு கெட்டியாக இருக்க, வயிறு மட்டும் பிசுபிசுத்துக் கிழிந்து குடல் வெளியே வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று வலப்பக்கக் கூறில் ஆறில் இரண்டு மீன்களின் வயிறு அப்படிக் கிழிந்திருந்தது. நல்ல பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்திருந்தார்கள். கூறு வாங்கும்போது மேலே இருக்கும் மீனை மட்டும் பார்க்காமல், எல்லா மீனையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வஞ்சிரம் போன்ற பெரிய மீனைத் துண்டாக வாங்குகிறவர்களுக்குக் கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அவர்கள் நடுமுள்ளைப் பார்க்க வேண்டும். நல்ல மீனில் சதை முள்ளை விடாமல் பற்றியிருக்கும், பிரித்தால் கிழிந்துதான் வரும். நாளான மீனில் சதை முள்ளிலிருந்து தானே விலகும், முள்ளை ஒட்டி ரத்தம் சதைக்குள் ஊறிச் செம்பழுப்பு வளையம் தெரியும். முடிந்தால் உங்கள் கண்முன்னே முழு மீனை வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் அந்தத் தலையின் செவுளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா சொன்ன 'எல்லாம் ஒண்ணையே சொல்லுதா' என்ற அதே யோசனையை ஆய்வாளர்களும் எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் உருவான ஒரு முறை இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணின் வடிவம், கண்ணின் நிறம், செவுளின் நிறம், செவுளின் வாடை, சதை, வயிறு, தோல் என்று ஒவ்வொன்றுக்கும் குறை மதிப்பெண் போடுவார்கள். குறையே இல்லை என்றால் 0, மிக மோசம் என்றால் 2 அல்லது 3. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண், மீன் ஐஸில் கிடந்த நாள்களோடு கிட்டத்தட்ட ஒரே சீராக ஏறும். எந்த ஓர் அடையாளத்துக்கும் மீனை ஒதுக்கித்தள்ளும் அதிகாரம் இல்லை என்பதுதான் இந்த முறையின் சிறப்பு.

அன்றைய இரண்டு கூறுகளை அப்படி நானே தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்க மீன்: கண்ணின் நிறம் 2, வடிவம் 0, செவுளின் நிறம் 0, வாடை 0, சதை 1, வயிறு 0. மொத்தம் 3. வலப்பக்க மீன்: கண்ணின் நிறம் 0, வடிவம் 1, செவுளின் நிறம் 2, வாடை 2, சதை 1, வயிறு 2. மொத்தம் 8. கண்ணின் பளபளப்பு ஒன்றில் மட்டும் ஜெயித்த மீன், சதையில் சமமாக நின்று, மற்ற எல்லாவற்றிலும் தோற்றிருந்தது. வலப்பக்கக்காரர் ஐஸ் போடாமலே வைத்திருந்திருக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் படாததால்தான் கண் வெளுக்கவில்லை, ஐஸ் இல்லாததால்தான் மற்றதெல்லாம் கெட்டது.

"இப்பத்தான் போட்டுல இருந்து எறங்குச்சு" என்பது சந்தையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதிலிருந்து மீனின் வயது தெரியாது. ஃபைபர் படகில் இரவு போய் விடியலில் திரும்புகிறவர்களின் மீன் சில மணி நேரத்தது. விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கின்றன. முதல் நாள் பிடித்தது ஐஸ் அறையின் அடியிலும், கடைசி நாள் பிடித்தது மேலேயும் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில்தான் கரையிறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள்களில் நம் சந்தைகளில் தெரியும் பெரிய மீன்களில் பல, வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியிலோ உறைபெட்டியிலோ பயணம் செய்து வந்தவை. எப்போது கரையிறங்கியது என்ற கேள்வியைவிட, இத்தனை நேரமும் ஐஸில் இருந்ததா என்ற கேள்விதான் பெரியது.

ஏனென்றால் மீனின் வயதை மணியால் கணக்கிட முடியாது, குளிரால்தான் கணக்கிட முடியும். 0 டிகிரியில் ஐஸுக்குள் ஒரு நாளில் நடக்கும் கெடுதல், 10 டிகிரியில் ஏழெட்டு மணி நேரத்திலேயே நடந்துவிடும். நம்மூர் வெயிலில், 30 டிகிரியில், அதே கெடுதலுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வெப்பக் கடலில் வாழும் நம் மீன்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. அவற்றின் மேலுள்ள கிருமிகள் வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவை. ஐஸில் போட்டதும் திடீர்க் குளிரில் முடங்கிப் போகின்றன. வடகடல் மீனின் கிருமிகளோ குளிருக்கே பழகியவை. அதனால் ஒழுங்காக ஐஸ் போட்டால் நம் மீன் குளிர்நாட்டு மீனைவிட அதிக நாள் தாங்கும். கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கூட நல்ல ஐஸில் ஒரு வாரம் வரை நன்றாகவே இருக்கும். வெயிலில் விட்டால் அரை நாள் தாங்காது. (கானாங்கெளுத்தியின் அறிவியல் பெயரான 'ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்டா'வில் உள்ள பின்பாதி, நம் கிழக்குக் கரையில் தெலுங்கு மீனவர்கள் சொல்லும் பெயர்தான்.)

இத்தனையும் பார்த்து வாங்கினால் போதுமா? போதாது என்பதை நான் உடம்பால் கற்றேன். சில வருடங்களுக்கு முன் இதே கானாங்கெளுத்தியை நல்ல சிவப்புச் செவுளோடு வாங்கினேன். வாங்கிய கையோடு வீடு திரும்பவில்லை. ஒரு வேலையாக வேறிடம் போய்விட்டு, வண்டியில் மாட்டிய பையோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் சுற்றிவிட்டு வந்தேன். வறுத்தபோது வாடை எதுவும் தெரியவில்லை. தின்னும்போது நாக்கில் மிளகு கடித்தது போன்ற ஒரு சுரசுரப்பு. மசாலா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து சூடேறின, உடம்பெல்லாம் தடிப்பு, தலைவலி, நெஞ்சு படபடத்தது. மீன் ஒவ்வாமை வந்துவிட்டது என்று பயந்துதான் மருத்துவரிடம் போனேன். அவர் என்ன மீன், எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, "இது ஒவ்வாமை இல்ல, ஹிஸ்டமின்" என்றார்.

கானாங்கெளுத்தி, சூரை, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். குளிர் இல்லாமல் கிடக்கும்போது சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நம் உடம்பில் ஒவ்வாமையின்போது சுரப்பதும் அதே பொருள்தான், அதனால்தான் அறிகுறிகளும் ஒன்றுபோல இருக்கின்றன. இதில் கவலைப்பட வேண்டியது இரண்டு. ஹிஸ்டமினுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கவிச்சி தொடங்குமுன்பே அது ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம், கண்ணும் செவுளும் அதைக் காட்டிக்கொடுக்காது. அடுத்தது, கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் அது அழியாது. உறைபெட்டியில் வைத்தாலும் போகாது. கிருமியைச் சூடு கொல்லும், கிருமி செய்துவைத்த பொருளைக் கொல்லாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகத் தணிந்துவிடும் என்றாலும், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாக்கில் மிளகு போலச் சுரசுரப்புத் தெரிந்தால் அந்தத் துண்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தட்டில் மிச்சமிருப்பதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நம் அடையாளங்கள் தோற்கும் இன்னோர் இடம் பார்மலின். பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் அந்தத் திரவத்தை மீனில் தெளிப்பதாக 2018இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரிய பரபரப்பு எழுந்தது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், காகிதப் பட்டையால் மீனைத் தேய்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் சோதனைப் பெட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கையில் பட்டை இல்லாதவர்கள் முரண்பாட்டைத் தேட வேண்டும். பார்மலின் சதையை இறுக்கிவிடும், கிருமியைக் கொன்று வாடையையும் நிறுத்தும். ஆனால் போன சிவப்பைச் செவுளுக்குத் திருப்பித் தராது. சதை ரப்பர் போலக் கெட்டி, வாடை எதுவுமே இல்லை, செவுள் மட்டும் வெளுத்தோ பழுத்தோ இருக்கிறது என்றால், அந்த மூன்றும் ஒரு நல்ல மீனில் சேர்ந்து வராது. அப்படிப்பட்ட மீனை வாங்காமல் வந்துவிடுவதே சரி. 'ஈ மொய்க்கவில்லை, அதனால் பார்மலின்' என்று சொல்வதை மட்டும் நம்பிவிட வேண்டாம். நிறைய ஐஸில் இருக்கும் நல்ல மீனிலும் ஈ அதிகம் உட்காராது.

அந்த ஞாயிறு மீனை வாங்கிக் கிளம்பும்போது அக்கா என் பையைப் பார்த்தார். "ஐஸ் இல்லாம எடுத்துட்டுப் போறியா? இம்மா நேரம் பாத்துப் பாத்து வாங்கி என்னத்துக்கு?" என்று சொல்லி, தன் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டார். சந்தைக்குப் போகும்போது மூடியுள்ள ஒரு டப்பாவோ தெர்மாகோல் பெட்டியோ கொண்டுபோங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் வெயிலுக்கான சரியான அளவு. மேலும் கீழும் ஐஸ் இருக்கட்டும், உருகிய தண்ணீரை வடித்துவிடுங்கள். மற்ற கடைகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாக மீன் வாங்கி நேரே வீட்டுக்குப் போங்கள்.